கஞ்சா, மனப்பிறழ்வு, ஆய்வேட்டின் ‘வரம்புகள்’ பகுதி: காரண உறவைக் கூட்டிச் சொல்லாமல் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“இது குறுக்குவெட்டு ஆய்வு என்பதால் காரண உறவை நிறுவ இயலாது” என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அது போதாதா?

போதாது. அந்த வரியில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தூக்கத்துக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த இன்னொருவருடைய ஆய்வேட்டிலும் அதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் ஒட்டிவிடலாம். கஞ்சாவையும் மனப்பிறழ்வையும் பற்றி நீங்கள் சேகரித்த தரவில் எந்த இடத்தில் எந்த ஐயம் எழுகிறது என்பதை அது சொல்வதில்லை. தொற்றுநோயியல் ஆய்வுகளை எழுதுவதற்காக 2007-இல் வெளியான ஸ்ட்ரோப் வழிகாட்டியின் 19-ஆவது கூறு, சாத்தியமான ஒவ்வொரு சாய்வும் எந்தத் திசையில், எவ்வளவு தூரம் முடிவை நகர்த்தக்கூடும் என்று விவாதிக்கச் சொல்கிறது. பெரும்பாலான வரைவுகளில் விடுபட்டுப் போவது இந்தத் திசைதான்.

இனி வரும் விளக்கங்களுக்கு ஒரே எடுத்துக்காட்டைக் கையாள்கிறேன். அதன் எண்கள் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை. ஒரு மாணவி இணையவழி வினாத்தாள் மூலம் 240 கல்லூரி மாணவர்களிடம் தரவு சேகரிக்கிறார். வாரம் இருமுறையோ அதற்கு மேலோ கஞ்சா பயன்படுத்துவோர் 48 பேர். மற்றவர்கள் 192 பேர். மனப்பிறழ்வு சார்ந்த அனுபவங்களுக்கு அவர் வைத்த மதிப்பெண் எல்லையைத் தாண்டியவர்கள் முதல் குழுவில் 12 பேர், அதாவது 25 சதவீதம். இரண்டாவது குழுவில் 24 பேர், அதாவது 12.5 சதவீதம். ஆகவே இடர் விகிதம் 2. அதன் 95 சதவீத நம்பக இடைவெளி 1.08 முதல் 3.71 வரை. “கஞ்சா பயன்பாடு மனப்பிறழ்வு அபாயத்தை இரட்டிப்பாக்குகிறது” என்று அவர் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். கீழே உள்ள பதில்கள் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சுற்றி வருகின்றன.

எது முதலில் வந்தது என்று என் தரவில் தெரியவில்லை. இதை எப்படி எழுதுவது?

முதலில், ஏன் தெரியவில்லை என்பதை உங்கள் வினாத்தாளைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். “ஒரே நேரத்தில் அளந்தோம்” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். உண்மை பல சமயம் அதைவிட மோசமாக இருக்கும். எடுத்துக்காட்டு மாணவி கஞ்சா பயன்பாட்டைக் கூடிட்-ஆர் என்ற எட்டுக் கேள்விகள் கொண்ட அளவுகோலாலும், அனுபவங்களைக் கேப்-42 என்ற அளவுகோலாலும் அளந்தார் என்று கொள்வோம். கூடிட்-ஆர் கடந்த ஆறு மாதங்களைப் பற்றிக் கேட்கிறது. கேப்-42 வாழ்நாளில் எப்போதாவது அப்படி உணர்ந்ததுண்டா என்று கேட்கிறது. ஒருவர் 14 வயதில் தனிமையில் குரல் கேட்டிருக்கலாம், 19 வயதில் கஞ்சாவைத் தொடங்கியிருக்கலாம், 21 வயதில் வினாத்தாளை நிரப்பியிருக்கலாம். அவருடைய பதில்கள் தரவில் பதிவாகும்போது, பின்னால் வந்த பழக்கம் ‘காரணம்’ என்ற பத்தியிலும், முன்னால் வந்த அனுபவம் ‘விளைவு’ என்ற பத்தியிலும் போய் உட்கார்ந்துவிடுகின்றன. காலவரிசை தெரியவில்லை என்பதைத் தாண்டி, அளவுகோல்களின் கால எல்லைகளே வரிசையைத் தலைகீழாக்க இடம் தருகின்றன. இதை எழுதுங்கள், அளவுகோல்களின் பெயரோடும் அவை கேட்கும் கால எல்லையோடும் எழுதுங்கள்.

இந்த ஐயம் வெறும் தர்க்கப் பயிற்சி இல்லை. நியூசிலாந்தின் டுனிடின் நகரில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002-இல் ஒரு முடிவை வெளியிட்டது. 15 வயதுக்குள் கஞ்சா பயன்படுத்தியவர்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினரிடமும், மற்றவர்களில் 3 சதவீதத்தினரிடமும் 26 வயதில் மனச்சிதைவை ஒத்த கோளாறு காணப்பட்டது. அந்த ஆய்வாளர்களிடம் உங்களிடம் இல்லாத ஒன்று இருந்தது: அதே பிள்ளைகளை 11 வயதில், கஞ்சாவைத் தொடுவதற்கு முன்பே, மனப்பிறழ்வு அறிகுறிகள் பற்றிக் கேட்டு வைத்திருந்தார்கள். அந்த ஆரம்ப அறிகுறிகளைக் கணக்கில் சேர்த்தபோது தொடர்பின் அளவு குறைந்தது. புள்ளியியல் முக்கியத்துவத்தையும் இழந்தது. கஞ்சாவுக்குப் பங்கே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது, ஏனெனில் எண்ணிக்கை சிறியதாக இருந்ததால் நம்பக இடைவெளி மிகவும் அகன்றிருந்தது. ஆனால் 11 வயது அளவீடு இல்லாத ஆய்வில், தொடர்பின் ஒரு பகுதி முன்பே இருந்த அறிகுறிகளுக்கு உரியதாக இருக்கலாம் என்று சொல்ல இந்தச் சான்று தாராளமாகப் போதும்.

எழுதும்போது இப்படி அமையலாம்: “கஞ்சா பயன்பாடு கடந்த ஆறு மாதங்களுக்கும், மனப்பிறழ்வு சார்ந்த அனுபவங்கள் வாழ்நாள் முழுமைக்கும் கேட்கப்பட்டன. முதல் பயன்பாட்டின் வயதும் முதல் அனுபவத்தின் வயதும் கேட்கப்படவில்லை. எனவே அனுபவங்கள் பயன்பாட்டுக்கு முன்பே தொடங்கியவர்களை இந்த ஆய்வால் பிரித்தறிய இயலாது. அத்தகையோர் பயன்படுத்துவோர் குழுவில் கூடுதலாக இருந்திருந்தால், இங்கே கிடைத்த விகிதம் கஞ்சாவின் விளைவைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றும்.” கடைசி வாக்கியம்தான் திசையைச் சொல்கிறது. அதை நீக்கிவிட்டால் மீதி மூன்றும் வெறும் ஒப்புதல் வாக்குமூலம்.

போதையில் இருக்கும்போது வந்த அனுபவங்களும் சேர்ந்திருக்குமா?

கேள்வித்தாள் விலக்கச் சொல்லவில்லை என்றால் சேர்ந்திருக்கும். கஞ்சாவின் முக்கிய வேதிப்பொருளான டி.எச்.சி.-யை ஆரோக்கியமானவர்களுக்கு நரம்பு வழியாகச் செலுத்திய ஆய்வுக்கூடச் சோதனைகளில், 2004-இல் வெளியான ஒன்று உட்பட, சந்தேக எண்ணம், புலனுணர்வு மாற்றம் போன்றவை சிறிது நேரம் தோன்றி மறைந்தன. அந்தத் தற்காலிக விளைவுக்குக் கஞ்சா காரணம் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: சனிக்கிழமை இரவு போதையில் வந்த சந்தேகத்தை நினைத்து ஒருவர் ‘ஆம், சில வேளைகளில்’ என்று குறித்தால், அது போதையின் பதிவே தவிர நீடிக்கும் நோயின் அறிகுறி அன்று. இந்த இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கூட்டிவிட்டு ‘மனப்பிறழ்வு அபாயம்’ என்று பெயரிட்டால், உண்மையான ஒரு காரண உறவு வேறொரு காரண உறவுக்குச் சாட்சியாக நிறுத்தப்படுகிறது. விகிதம் மேல்நோக்கி நகரும் என்று எழுதுங்கள்.

வயது, பாலினம் இரண்டையும் ரிக்ரெஷனில் சேர்த்துச் சீராக்கிவிட்டேன். குழப்பக் காரணிகளைப் பற்றி இன்னும் என்ன எழுத வேண்டும்?

சேர்க்காதவற்றைப் பற்றி எழுத வேண்டும். “அளக்கப்படாத பிற காரணிகள் இருக்கலாம்” என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் ஓரத்தில் “எவை?” என்று பென்சிலால் குறிப்பது என் வழக்கம். இந்தத் துறையில் அவை என்னவென்று தெரியும், பெயர் சொல்லலாம். குழந்தைப் பருவத்தில் அனுபவித்த வன்முறையும் புறக்கணிப்பும், குடும்பத்தில் மனநோய் வரலாறு, புகையிலை, பிற போதைப்பொருள்கள் ஆகியவை முதன்மையானவை. புகையிலையைத் தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனெனில் பலர் கஞ்சாவைப் புகையிலையோடு கலந்தே புகைக்கிறார்கள். நாள்தோறும் புகைபிடிப்பதற்கும் மனப்பிறழ்வுக்கும் தொடர்பு இருப்பதாகவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. மரபணுப் பின்னணியும் இந்த வரிசையில் வரும். மனச்சிதைவு நோய்க்கான மரபணுச் சாய்வு மிகுந்தவர்கள் கஞ்சா பயன்படுத்தும் வாய்ப்பும் ஓரளவு மிகுதி என்று 2014 முதல் வெளிவந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே வேர் இரண்டு கிளைகளுக்கும் உணவூட்டும்போது, கிளைகள் சேர்ந்து ஆடுவதைக் கண்டு ஒன்று மற்றொன்றை ஆட்டுகிறது என்று சொல்லிவிட முடியாது.

எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு, முதுகலை அளவிலேயே எளிதாகச் செய்யக்கூடிய ஒரு கணக்கு உண்டு. 2017-இல் முன்மொழியப்பட்ட ஈ-மதிப்பு அது. அளக்காமல் விட்ட ஒரு காரணி, கிடைத்த தொடர்பை முழுவதுமாக விளக்கிவிட, கஞ்சாவோடும் அனுபவங்களோடும் குறைந்தது எவ்வளவு வலுவாகப் பிணைந்திருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. சூத்திரம் ஒரே வரி:

```
E = RR + √(RR × (RR − 1))
```

வயதையும் பாலினத்தையும் சேர்த்த பின்னும் மாணவியின் விகிதம் ஏறத்தாழ அதே 2, அதே இடைவெளி என்று கொள்வோம். 2-ஐ இட்டால் விடை 3.41. அதாவது, அளக்காத காரணி இரு பக்கமும் 3.41 மடங்கு பிணைந்திருந்தால்தான் தொடர்பு முழுவதும் கரையும். இது கேட்க ஆறுதலாக இருக்கிறது. பல மாணவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு “முடிவு வலுவானது” என்று எழுதிவிடுகிறார்கள். நம்பக இடைவெளியின் கீழ் எல்லையான 1.08-ஐயும் இட்டுப் பாருங்கள்: விடை 1.37. இரு பக்கமும் வெறும் 1.37 மடங்கு பிணைந்த ஒரு காரணியே, இடைவெளி 1-ஐத் தொட்டுவிடப் போதுமானது. குழந்தைப் பருவத் துன்பத்துக்கும் மனப்பிறழ்வுக்கும் உள்ள தொடர்பை 2012-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு ஆட்ஸ் விகித அளவில் 2.78 என்று மதிப்பிட்டது. விகித வகை வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைக்க முடியாது என்றாலும், 1.37 எவ்வளவு தாழ்ந்த வேலி என்பதை உணர்த்த இந்த ஒப்பீடு போதும். அத்துன்பம் கஞ்சா பயன்பாட்டோடும் மிதமாகவேனும் பிணைந்திருந்தால், மாணவியின் புள்ளியியல் முக்கியத்துவம் போய்விடக்கூடும்.

ஆகவே அவர் எழுத வேண்டியது: “குழந்தைப் பருவத் துன்பம் அளக்கப்படவில்லை. மைய மதிப்பீட்டை முழுவதும் விளக்க இரு பக்கமும் 3.41 அளவிலான பிணைப்பு தேவை. ஆனால் நம்பக இடைவெளி 1-ஐ உள்ளடக்க 1.37 போதும். முந்தைய ஆய்வுகளில் காணப்படும் அளவை நோக்க, பின்னது நடப்பதற்கு இடமிருக்கிறது.” இரண்டு எண்களையும் தர வேண்டும். பெரியதை மட்டும் தருவது, வரம்புகள் பகுதிக்குள்ளேயே கூட்டிச் சொல்வதாகும்.

அப்படியானால் கையில் இருக்கும் எல்லா மாறிகளையும் மாடலில் சேர்த்துவிட்டால் பாதுகாப்புதானே?

இல்லை. கஞ்சாவிலிருந்து அனுபவங்களுக்குச் செல்லும் வழியில் நிற்கும் மாறி ஒன்று உண்டென்றால், அதைச் சேர்ப்பது நீங்கள் தேடும் விளைவின் ஒரு பகுதியையே துடைத்துவிடும். கஞ்சா தூக்கத்தைக் கெடுத்து, கெட்ட தூக்கம் சந்தேக எண்ணங்களைக் கூட்டுகிறது என்று கருதினால், இன்றைய தூக்கம் குழப்பக் காரணி அன்று, இடைவழி. அதே தூக்கமின்மை முன்பே இருந்து, அதைச் சமாளிக்க ஒருவர் கஞ்சாவை நாடியிருந்தால், அது குழப்பக் காரணி. குறுக்குவெட்டுத் தரவு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. தூக்கத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு முடிவுகளையும் தந்து, ஏன் இரண்டு என்று இரு வரியில் விளக்குவதே நேர்மையான வழி.

பங்கேற்பாளர்களைச் சமூக ஊடக அறிவிப்பு மூலம் சேர்த்தேன். “மாதிரி பிரதிநிதித்துவம் உடையது அன்று” என்று எழுதினால் போதுமா?

அது வேறொரு குறையைச் சொல்கிறது. பிரதிநிதித்துவம் இல்லாவிட்டால் சதவீதங்கள் பொது மக்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் இரு குழுக்களுக்கு இடையிலான விகிதம் அப்போதும் சரியாக இருக்க முடியும். விகிதத்தையே கெடுப்பது, கஞ்சா பழக்கமும் அனுபவங்களும் இரண்டும் சேர்ந்து இருப்பவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பங்கேற்பது.

அறிவிப்பின் வாசகத்தை எடுத்துப் பாருங்கள். “கஞ்சாவும் மனநலமும்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்” என்று இருந்தால், இரண்டும் உள்ளவருக்குத்தான் அது தன்னை அழைப்பதாகத் தோன்றும். அவர்கள் மற்றவர்களைப்போல் இரு மடங்கு ஆர்வத்தோடு வந்தார்கள் என்று கொள்வோம். எல்லாரும் ஒரே வீதத்தில் வந்திருந்தால் அந்த 12 பேர் 6 பேராக இருந்திருப்பார்கள்; பயன்படுத்துவோர் குழு 42 பேராகச் சுருங்கியிருக்கும். 42-இல் 6 என்பது 14.3 சதவீதம். மற்ற குழுவின் 12.5 சதவீதத்தோடு ஒப்பிட்டால் விகிதம் 1.14. அறிவிப்பில் இருந்த ஒரு சொற்றொடரால் ‘இரட்டிப்பு’ ஏறக்குறைய முழுவதும் ஆவியாகிவிடுகிறது. இரு மடங்கு என்பது ஊகம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, இந்தக் கணக்கை ஆய்வேட்டில் அப்படியே தரலாம். “தெரிவுச் சாய்வு இருக்கலாம்” என்று பத்து வரி எழுதுவதைவிட இந்த ஒரு கணக்கு தேர்வாளருக்கு அதிகம் சொல்லும். அறிவிப்பின் முழு வாசகத்தைப் பிற்சேர்க்கையில் இணைக்க மறக்க வேண்டாம்.

பங்கேற்பாளர்கள் பயன்பாட்டை மறைத்திருந்தால்?

சிலர் மறைத்திருப்பார்கள். இரு பிரிவுகளாக மட்டுமே பிரித்திருந்து, அனுபவங்கள் உள்ளோரும் இல்லாதோரும் ஒரே அளவில் மறைத்திருந்தால், விகிதம் பொதுவாக 1-ஐ நோக்கிச் சுருங்கும். அதாவது இது தொடர்பைக் குறைத்துக் காட்டும் சாய்வு. ஆனால் சந்தேக எண்ணம் மிகுந்தவர் ‘இந்தப் பதில் யாருக்குப் போகும்?’ என்று கூடுதலாக அஞ்சி மறைத்தால் விகிதம் இன்னும் குறையும், அனுபவங்கள் இல்லாதவர் கூடுதலாக மறைத்தால் அது பெரிதாகத் தோன்றும். இவ்விரண்டிலும் மறைத்தல் இரு சாராரிடமும் ஒரே அளவில் இல்லை, எது நடந்தது என்று உங்கள் தரவு சொல்லாது. “சுய அறிக்கைப் பிழை எங்கள் முடிவைக் குறைத்தே காட்டியிருக்கும்” என்று உறுதியாக எழுதுவதைத் தவிர்க்கவும். தனக்குச் சாதகமான திசையை மட்டும் சொல்லும் வரம்புகள் பகுதியை அனுபவமுள்ள தேர்வாளர் உடனே கண்டுகொள்வார்.

நான் அளந்ததை ‘மனப்பிறழ்வு’ என்றே அழைக்கலாமா?

கூடாது. மனப்பிறழ்வு நோய் என்பது மருத்துவ மதிப்பீட்டில் கண்டறியப்படுவது. வினாத்தாளில் எல்லையைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் இருப்பதும் இல்லை, பின்னர் வருவதும் இல்லை. ‘மனப்பிறழ்வு சார்ந்த அனுபவங்கள்’ என்று தலைப்பு முதல் பிற்சேர்க்கை வரை ஒரே பெயரைக் கையாளுங்கள். சுருக்கத்தில் மட்டும் இடத்தை மிச்சப்படுத்த ‘மனப்பிறழ்வு’ என்று குறுக்குவது பரவலான தவறு. பலர் படிப்பதும் சுருக்கத்தை மட்டும்தான்.

இதை ஒட்டியே இன்னொன்று. மேற்கண்ட தரவில் ஆட்ஸ் விகிதம் கணக்கிட்டால் 2.33 வரும், இடர் விகிதமோ 2. அனுபவங்கள் அரிதல்ல என்பதால் இரண்டும் விலகுகின்றன. 2.33-ஐ ‘இரண்டரை மடங்கு அபாயம்’ என்று எழுதினால், காரண உறவு பற்றிய விவாதம் தொடங்கும் முன்பே எண் ஊதிவிட்டது.

பெரிய ஆய்வுகள் காரண உறவு இருப்பதாகச் சொல்கின்றனவே. அவற்றைக் காட்டி என் முடிவை வலுப்படுத்தலாமா?

மேற்கோள் காட்டலாம், வலுவைக் கடன் வாங்கக் கூடாது. ஸ்வீடனில் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1987-இல் வெளியானது. 50 முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியதாகச் சொன்னவர்களுக்கு, பயன்படுத்தாதவர்களைவிட மனச்சிதைவு நோய் ஏற்படும் ஒப்பீட்டு இடர் சுமார் 6 என்று அது கண்டது. 2007-இல் தொடர் ஆய்வுகளைத் திரட்டிய ஒரு முறைசார் மீளாய்வு, சீராக்கிய ஆட்ஸ் விகிதத்தை எப்போதாவது பயன்படுத்தியவர்களுக்கு 1.41 என்றும், மிக அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 2.09 என்றும் மதிப்பிட்டது. காலவரிசை, அளவு கூடும்போது தொடர்பும் கூடுவது, டி.எச்.சி. சோதனைகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பலர், கஞ்சா பல காரணங்களுள் ஒன்றாக இருக்கக்கூடும் என்று கருதுகிறார்கள். உடன்பிறந்தோரையும் உறவினரையும் ஒப்பிட்ட ஸ்வீடன் ஆய்வு, உறவு நெருங்க நெருங்கத் தொடர்பு மெலிவதையும் காட்டியிருக்கிறது. இரண்டு பக்கத்தையும் தர வேண்டும்.

ஆனால் “எங்கள் முடிவு இந்த ஆய்வுகளை உறுதிப்படுத்துகிறது” என்ற சொற்றொடரில் கவனம் தேவை. உங்கள் 2-ம் அவர்களின் 2.09-ம் அருகருகே நிற்பது தற்செயல். அவர்கள் அளந்தது வேறு, பின்தொடர்ந்த காலம் வேறு, விகித வகையும் வேறு. காரண உறவுக்கான சான்று அவர்களிடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் இருக்கிறது. உங்கள் ஆய்வு அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ‘ஒத்துப்போகிறது’ என்று எழுதி, உடனே ‘ஆனால் தலைகீழ் வரிசையோடும் பொதுவான மூல காரணிகளோடும் அதே அளவில் ஒத்துப்போகிறது’ என்று சேர்த்தால் நிலைமை சரியாகப் பதிவாகும்.

இதில் மிக அதிகமாகத் தவறாகக் கையாளப்படும் எண், ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வுடையது. வீரியம் மிகுந்த கஞ்சா கிடைக்காமல் போனால் முதல்முறை மனப்பிறழ்வு நேர்வுகளில் 12.2 சதவீதம் தடுக்கப்படலாம், ஆம்ஸ்டர்டாமில் அது 50.3 சதவீதம் வரை போகும் என்று அது கணக்கிட்டது. இந்தக் கணக்கு, தொடர்பு முழுவதும் காரண உறவுதான் என்று எடுத்துக்கொண்ட பிறகு செய்யப்படுவது. எனவே காரண உறவு உண்டு என்பதற்கு அதையே சான்றாகக் காட்டினால், வட்டம் சுற்றி நின்ற இடத்துக்கே வந்து சேர்கிறீர்கள். அந்த எண்ணை எடுத்தாள்வதாயின் ‘காரண உறவு என்று கொண்டால்’ என்ற நிபந்தனையோடு சேர்த்தே எடுத்தாளுங்கள்.

இவ்வளவு தயங்கி எழுதினால் என் ஆய்வில் ஒன்றுமே இல்லை என்று தேர்வாளர் நினைக்க மாட்டாரா?

தயக்கத்தையும் துல்லியத்தையும் ஒன்றாகக் கருதுவதால் வரும் அச்சம் இது. ‘இருக்கலாம்’, ‘ஒருவேளை’, ‘சாத்தியமுண்டு’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் தூவினால் தேர்வாளர் அப்படித்தான் நினைப்பார். எதை அறிந்தீர்கள் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்: இந்த 240 பேரில், அடிக்கடி பயன்படுத்துவோரிடையே இந்த அனுபவங்களைத் தெரிவித்தவர்களின் சதவீதம் இரு மடங்கு. இதில் ‘இருக்கலாம்’ தேவையில்லை. விளக்கம் தொடங்கும் இடத்தில்தான் ஐயம் வர வேண்டும், அதுவும் பெயரோடு.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நான் வாசித்த ஓர் ஆய்வேட்டில், சீராக்கிய விகிதம் 1.8, நம்பக இடைவெளி 1-க்குச் சற்றுக் கீழே தொடங்கி 3-க்கு மேல் நீண்டிருந்தது. அதை வைத்து “கஞ்சாவுக்கும் இவ்வனுபவங்களுக்கும் தொடர்பு இல்லை” என்று முடித்திருந்தார்கள். அந்த இடைவெளிக்குள் மூன்று மடங்கும் அடங்கும். ‘தொடர்பு இல்லை’ என்பதற்கும் ‘இந்த அளவு தரவால் சொல்ல இயலவில்லை’ என்பதற்கும் உள்ள தூரத்தை வரம்புகள் பகுதி காட்ட வேண்டும். கூட்டிச் சொல்லக் கூடாது என்ற அறிவுரை குறைத்துச் சொல்ல உரிமை தருவதில்லை.

வரம்புகள் பகுதியைத் திருத்தி முடித்துவிட்டேன். வேறு எங்கே கைவைக்க வேண்டும்?

மற்ற எல்லா இடங்களிலும். வரம்புகள் பகுதியில் அடக்கமாகப் பேசிவிட்டு, அடுத்த பக்கத்தில் ‘கஞ்சாவின் தாக்கம்’ என்று தலைப்பிட்டால் பயனில்லை. கோப்பைத் திறந்து சில சொற்களைத் தேடுங்கள்: விளைவிக்கிறது, தூண்டுகிறது, இட்டுச்செல்கிறது, அதிகரிக்கிறது, தாக்கம், பங்களிக்கிறது, தடுக்கலாம். ஒவ்வொன்றும் காரண உறவைக் கோரும் சொல். ‘பங்களிக்கிறது’ மென்மையாக ஒலிப்பதால் தப்பிவிடும். அதுவும் காரணச் சொல்தான்.

தமிழில் எழுதுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் மொழியில் காரணத்தை ஏற்ற ஒரு வினைச்சொல்கூடத் தேவையில்லை, ‘ஆல்’ உருபு போதும். “கஞ்சா பயன்படுத்தியதால் அனுபவங்கள் மிகுதியாகக் காணப்பட்டன” என்ற வாக்கியத்தில், எழுதியவர் அறியாமலே முழு வழக்கும் தீர்ப்பாகிவிட்டது. “கஞ்சா பயன்படுத்துவோரிடையே அனுபவங்கள் மிகுதியாகத் தெரிவிக்கப்பட்டன” என்று மாற்றுங்கள். ‘காணப்பட்டன’ என்பது ‘தெரிவிக்கப்பட்டன’ ஆனதையும் பாருங்கள்: யாரும் கண்டதில்லை, அவர்கள் சொன்னார்கள்.

கடைசியாகப் பரிந்துரைகள் பகுதி. “இளைஞர்களிடையே கஞ்சா பயன்பாட்டைக் குறைப்பதன் மூலம் மனப்பிறழ்வைக் குறைக்கலாம்” என்ற வரி பெரும்பாலும் அங்கே ஒளிந்திருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறும் என்பதே காரண உறவின் இலக்கணம். ஆகவே ஆய்வேட்டின் மிக வலுவான காரணக் கோரிக்கை, யாரும் உற்றுப் படிக்காத கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்துக்காட்டு மாணவி அந்த இடத்தில் எழுதக்கூடியது இது: “அடுத்த ஆய்வு முதல் பயன்பாட்டின் வயதையும் முதல் அனுபவத்தின் வயதையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், போதையில் இல்லாத நேரத்து அனுபவங்களை மட்டும் பதிவுசெய்ய வேண்டும், குழந்தைப் பருவத் துன்பத்தை அளக்க வேண்டும், பங்கேற்க அழைக்கும் அறிவிப்பில் கஞ்சா என்ற சொல் இடம்பெறக் கூடாது.” சுருக்கத்தின் வரியும் அதற்கேற்ப மாறும்: “வாரம் இருமுறையோ அதற்கு மேலோ கஞ்சா பயன்படுத்துவதாகத் தெரிவித்த மாணவர்களில் 25 சதவீதத்தினரும், மற்றவர்களில் 12.5 சதவீதத்தினரும் மனப்பிறழ்வு சார்ந்த அனுபவங்களை எல்லைக்கு மேல் தெரிவித்தனர். இவற்றுள் எது முந்தியது என்பதை இந்த ஆய்வு அளக்கவில்லை.”